கூரையின் பரப்பைப் பார்த்து ஆட்களைப் பிரிக்கலாமா?

கேள்வி: நாமக்கல் மாவட்டத்தின் கிராம எல்லைகளும் 2011 மக்கள்தொகையும் என்னிடம் இருக்கின்றன. கூகுள் வெளியிட்ட கட்டடப் பாலிகன்களையும் இறக்கிவிட்டேன். ஒவ்வொரு கிராமத்தின் மக்கள்தொகையையும் கட்டடப் பரப்பளவின் விகிதத்தில் 100 மீட்டர் கட்டங்கள் கொண்ட ராஸ்டரில் பிரித்துப் போட்டேன். கூட்டிப் பார்த்தால் கிராமத் தொகை சரியாக வருகிறது. இது போதுமா?

பதில்:

போதாது. கூட்டுத்தொகை சரியாக வந்தே தீரும். கிராமத்தின் 1,200 பேரையும் நீங்கள் ஒரு கோயில் கோபுரத்தின் மேல் கொண்டுபோய் வைத்தாலும் கூட்டினால் 1,200 வரும். ஏதாவது ஒரு கிராமம் வழியில் தொலைந்துபோயிருந்தால் மட்டுமே அந்தச் சரிபார்ப்பு காட்டிக்கொடுக்கும். எந்தக் கட்டத்தில் எத்தனை பேர் விழுந்திருக்கிறார்கள், அங்கே உண்மையில் ஆள் இருக்கிறார்களா என்பதைப் பற்றி அது ஒன்றுமே சொல்லாது. அதைத் தீர்மானிப்பது நீங்கள் ஒவ்வொரு கட்டடத்துக்கும் கொடுக்கும் எடைதான். நீங்கள் பரப்பளவை எடையாக வைத்திருக்கிறீர்கள். மாவட்டமோ நாமக்கல். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

பத்து வருடங்களுக்கு மேலாக இந்த வேலையைச் செய்துவருகிறேன். ஆரம்ப காலத்தில் நானும் இதே முறையில் ஒரு வரைபடம் போட்டு, துணைச் சுகாதார நிலையத்துக்கு இடம் பார்க்கும் குழு ஒன்றிடம் கொடுத்தேன். வயல் நடுவே ஓரிடத்தில் முந்நூறு பேர் இருப்பதாக அது காட்டியது. நேரில் போனவர்கள் கண்டது ஆறு கோழிப்பண்ணைக் கொட்டகைகள். கூட்டுத்தொகை அன்றைக்கும் சரியாகத்தான் இருந்தது.

கணக்குக்காக ஒரு கிராமத்தை வைத்துக்கொள்வோம். எண்கள் நான் விளக்கத்துக்காக அமைத்தவை. அமைப்பு மட்டும் அந்தப் பக்கத்து ஊர்களின் சாயல். மக்கள்தொகை 1,200, குடும்பங்கள் 320. கட்டடத் தரவில் 410 பாலிகன்கள். அவற்றில் நத்தத்தில் நெருக்கமாக இருக்கும் ஊர் வீடுகள் 180, சராசரி 70 சதுர மீட்டர். சற்றுத் தள்ளி காலனியில் 98 வீடுகள், சராசரி 35 சதுர மீட்டர். தோட்டங்களில் சிதறிக் கிடக்கும் கட்டடங்கள் 80, சராசரி 90 சதுர மீட்டர். கோழிக் கொட்டகைகள் 8, ஒவ்வொன்றும் 900 சதுர மீட்டர். பள்ளி, கோயில், ரேஷன் கடை, பஞ்சாயத்து அலுவலகம் என நான்கு, சேர்த்து 800 சதுர மீட்டர். மீதி 40 மோட்டார் அறை, கழிப்பறை போன்ற சிறியவை, மொத்தம் 350 சதுர மீட்டர்.

எல்லாவற்றையும் கூட்டினால் 31,580 சதுர மீட்டர். உங்கள் முறைப்படி பிரித்தால் ஒவ்வொரு கோழிக் கொட்டகைக்கும் 34 பேர், எட்டுக்கும் சேர்த்து 274 பேர். காலனிக்குக் கிடைப்பதோ 130 பேர்தான். கோழிகள் இருக்கும் இடத்தில் காலனியைப்போல் இரண்டு மடங்கு ஆட்கள். இது ஏதோ சிறு பிழை, மற்றவற்றோடு கலந்து கரைந்துவிடும் என்று நினைக்காதீர்கள். கொட்டகைக்குப் போன ஒவ்வொருவரும் ஏதோ ஒரு வீட்டிலிருந்து பிடுங்கப்பட்டவர். கூரை எவ்வளவு சிறியதோ அந்த வீட்டுக்காரர்கள் அவ்வளவு குறைந்துபோவார்கள்.

ஆகவே முதல் வேலை, ஆள் குடியிருக்காத கட்டடங்களைப் பிரித்தெடுப்பது. கூகுள் தரவில் ஒவ்வொரு பாலிகனுக்கும் `area_in_meters`, `confidence` என்ற இரண்டு புலங்கள் இருக்கும். என்ன பயன்பாடு என்ற புலம் கிடையாது. `confidence` என்பது அது கட்டடம்தானா என்பதில் இயந்திரத்துக்கு இருக்கும் நம்பிக்கை, 0.65-இல் தொடங்கும். அது வீடா இல்லையா என்பதோடு அதற்குச் சம்பந்தமில்லை. கோழிக் கொட்டகைக்குத்தான் அது மிக உயர்வாக இருக்கும், ஏனென்றால் வானிலிருந்து பார்த்தால் அதைவிடத் தெளிவான கட்டடம் வேறில்லை. அந்த எண்ணை உயர்த்தி வடிகட்டினால் தரவு சுத்தமாகிவிடும் என்று சிலர் செய்கிறார்கள். ஓலைக் குடிசையும் மரத்தடி ஓட்டு வீடும்தான் அதில் முதலில் அடிபடும். நான் குறைந்த வரம்பிலேயே வைத்துக்கொண்டு, பரப்பையும் வடிவத்தையும் கொண்டு வடிகட்டுவேன்.

கொட்டகையை வடிவத்தால் அடையாளம் காண்பது எளிது. பாலிகனைச் சுற்றிச் சாய்வாகப் பொருந்தும் மிகச்சிறிய செவ்வகத்தை எடுங்கள். க்யூஜிஐஎஸ்-இல் அதற்கு நேரடிக் கருவி இருக்கிறது. நீளம் அகலத்தைப்போல் ஐந்து மடங்குக்கு மேல், பரப்பு 300 சதுர மீட்டருக்கு மேல், ஊரை விட்டுத் தள்ளி, பக்கத்தில் அதேபோல் இணையாக இன்னொன்று என்றால் அது பெரும்பாலும் கொட்டகைதான். ஆனால் இந்த விதியை அப்படியே ஓடவிட்டால் இன்னொரு தவறு நடக்கும். பழைய தெருக்களில் சுவரோடு சுவர் ஒட்டிய ஓட்டு வீடுகளை இயந்திரம் பல நேரங்களில் ஒரே நீளப் பாலிகனாக வரைந்துவிடும். 1,400 சதுர மீட்டர், ஒடுங்கலான செவ்வகம், பார்க்க அச்சு அசல் கொட்டகை. உள்ளே இருபது குடும்பங்கள். அதை நீக்கினால் ஒரு தெருவே காலி. அதனால் 300 சதுர மீட்டருக்கு மேற்பட்டவற்றை மட்டும் தனியே எடுத்து, செயற்கைக்கோள் படத்தின் மேல் வைத்துக் கண்ணால் பாருங்கள். ஒரு கிராமத்துக்கு ஓரிரு டஜன்தான் வரும். தெருவாக இருந்தால் அதன் பரப்பை அந்தத் தெருவின் சாதாரண வீட்டுப் பரப்பால் வகுத்து, இத்தனை வீடுகள் என்று எழுதிக்கொள்ளுங்கள். இந்தக் கண்பார்வை வேலைக்கு மாற்று எதுவும் எனக்குத் தெரிந்து கிடையாது.

கீழ்ப்பக்க வரம்பில் இன்னும் கவனம் வேண்டும். 12 சதுர மீட்டருக்குக் கீழே உள்ளதை நான் நீக்குவேன். 20 என்று உயர்த்தினால் சிறு குடிசைகளும் சேர்ந்து போய்விடும். பண்ணைகளில் வேலை செய்யும் வெளியூர்க் குடும்பங்கள் கொட்டகைக்குப் பக்கத்திலேயே சிறு அறைகளில் தங்கியிருப்பதும் உண்டு. கொட்டகைக்குப் பூச்சியம் கொடுங்கள்; அந்த வளாகம் முழுவதையும் பூச்சியம் ஆக்காதீர்கள்.

இப்போது நம் கிராமத்தில் கொட்டகை, பொதுக் கட்டடம், சிறியவை எல்லாம் போக மிஞ்சுவது 358 பாலிகன்கள், 23,230 சதுர மீட்டர். இதிலும் பரப்பையே எடையாக வைத்தால் ஊருக்கு 651 பேர், தோட்டத்துக்கு 372 பேர், காலனிக்கு 177 பேர். அதாவது காலனி வீட்டுக்கு 1.8 பேர், தோட்டத்து வீட்டுக்கு 4.6 பேர். இந்த மாவட்டத்தில் நடந்து பார்த்த எவரும் இதை நம்பமாட்டார்கள். 35 சதுர மீட்டர் வீட்டில் ஐந்து பேர் இருப்பார்கள், 120 சதுர மீட்டர் வீட்டில் இரண்டு முதியவர்கள் இருப்பார்கள். நகரத்து அடுக்குமாடியில் பரப்பு கூடினால் ஆட்களும் கூடுவார்கள், அங்கே பரப்பு நல்ல எடை. தரைத்தள வீடுகளே பெரும்பாலான கிராமத்தில் கூரையின் அளவு காட்டுவது குடும்பத்தின் வசதியைத்தான், தலைக்கணக்கை மிகக் கொஞ்சமாகத்தான்.

ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரே எடை கொடுத்தால் ஊருக்கு 603, காலனிக்கு 328, தோட்டத்துக்கு 268 என்று மாறுகிறது. ஒரே காலனி, ஒரே தரவு, மூன்று எடைகள்: 130, 177, 328. கிராமத் தொகை மூன்றிலும் 1,200.

எது உண்மைக்குப் பக்கம் என்று தெரிந்துகொள்ள மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் கிராம வாரி அட்டவணையிலேயே இரண்டு எண்கள் இருக்கின்றன. ஒன்று `No_HH`, குடும்பங்களின் எண்ணிக்கை. வடிகட்டி மிஞ்சிய வீடுகள் இதற்கு அருகில் வர வேண்டும். நமக்கு 358 வருகிறது, குடும்பங்கள் 320. 38 கூடுதல். எங்கே கூடியிருக்கிறது என்று தேடினால் தோட்டப் பகுதிதான் முதலில் சந்தேகத்துக்கு உரியது, ஏனென்றால் அங்கே வீட்டுக்குப் பக்கத்திலேயே மாட்டுக்கொட்டகையோ களத்துக் கூடாரமோ இருக்கும். படத்தில் பார்த்து அப்படி 30 கட்டடங்களைக் கழித்தோம் என்று வையுங்கள். இப்போது 328 வீடுகள், 320 குடும்பங்கள். பூட்டிய வீடு சில இருக்கும்தானே, அந்த அளவு இடைவெளி இயல்பு. சம எடையில் பிரித்தால் வீட்டுக்கு 3.66 பேர்: ஊருக்கு 659, காலனிக்கு 359, தோட்டத்துக்கு 183.

இன்னொரு எண் `P_SC`, பட்டியல் சாதியினரின் எண்ணிக்கை. தமிழ்நாட்டுக் கிராமங்கள் பலவற்றில் அவர்கள் தனிக் குடியிருப்பில் ஒதுக்கி வைக்கப்பட்டிருப்பது நம் சமூகத்தின் கொடுமை. அந்தப் பிரிவினை கணக்கெடுப்பிலும் பதிந்திருப்பதால் காலனியின் தொகையைத் தனியே சோதிக்க ஒரு வழி கிடைக்கிறது. இந்தக் கிராமத்தில் `P_SC` 345 என்று இருந்தால், 130 என்று காட்டிய முறை அந்த மக்களில் பாதிக்கும் மேற்பட்டோரை வரைபடத்திலிருந்தே அழித்திருக்கிறது என்று தெரியும். 359 அருகில் வந்திருக்கிறது. இதைச் சோதனைக்கு மட்டும் பயன்படுத்துங்கள். எந்தக் கட்டத்தில் எந்தச் சாதி என்று ஒரு ராஸ்டர் செய்து வெளியிடாதீர்கள். அதனால் வரக்கூடிய தீங்கை நான் விளக்க வேண்டியதில்லை. காலனியும் ஊரும் கலந்திருக்கும் கிராமங்களில் இந்தச் சோதனை பொருந்தவும் பொருந்தாது.

என் வழக்கம் இது: கிராமம் என்றால் வீட்டுக்கு எடை 1. 150 சதுர மீட்டருக்கு மேற்பட்ட வீட்டுக்கு மட்டும் 2. ஒட்டிய தெருக்களுக்கு எண்ணி எழுதிய வீட்டுக் கணக்கு. பேரூராட்சியும் நகராட்சியும் வந்தால் பரப்புக்கு மாறுவேன், மாடி எண்ணிக்கை கிடைத்தால் அதையும் பெருக்குவேன். அந்த 150 என்ற எல்லை அனுபவத்தில் வைத்தது. அதை அறிவியல் விதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 130 என்றோ 200 என்றோ வைத்து ஓட்டிப் பாருங்கள். முடிவு பெரிதாக ஆடினால் அந்தக் கிராமத்தில் பெரிய கட்டடங்களை இன்னும் சரியாகப் பிரிக்கவில்லை என்று பொருள்.

எடை முடிவானபின் கணக்குச் சுலபம். ஒன்றை மட்டும் வலியுறுத்துகிறேன்: முதலில் கட்டடத்துக்கு ஆட்களைப் பிரியுங்கள், பிறகு கட்டடங்களைக் கட்டங்களில் கூட்டுங்கள். எடையை ராஸ்டராக்கிவிட்டு, கிராம எல்லையையும் ராஸ்டராக்கி, கட்டத்துக்குக் கட்டம் பிரிக்கும் முறையைப் பலர் செய்கிறார்கள். அதில் இரண்டு கிராமங்களுக்கு நடுவே விழும் கட்டம் யாராவது ஒருவருக்கே போகும். எல்லையோரத்தில் குடியிருப்பு இருந்தால் ஒரு கிராமத்து ஆட்கள் அடுத்த கிராமத்து வீடுகளில் போய் உட்கார்ந்துவிடுவார்கள். கட்டட அளவில் செய்தால் அந்தச் சிக்கலே எழாது. ஒரு கட்டத்தில் இரண்டு கிராமத்து வீடுகளும் தத்தம் ஆட்களோடு சேர்ந்து நிற்கும்.

```python
b["W"]   = b.groupby("vcode")["w"].transform("sum")
b["pop"] = b["TOT_P"] * b["w"] / b["W"]
```

இங்கே `w` நீங்கள் கொடுத்த எடை, `vcode` கணக்கெடுப்பின் கிராமக் குறியீடு, `TOT_P` அந்தக் கிராமத்தின் மொத்த மக்கள்தொகை. பெயரை வைத்து இணைக்காதீர்கள். ஒரே பெயரில் பல ஊர்கள் உண்டு. ஒவ்வொரு கட்டடத்தையும் அதன் மையப்புள்ளியை வைத்து ஒரே ஒரு கிராமத்தோடு சேருங்கள், எல்லைக்கோட்டில் பாலிகனை வெட்டாதீர்கள். பிறகு அந்தப் புள்ளிகளை ராஸ்டராக்குங்கள்:

```
gdal_rasterize -l pts -a pop -add -init 0 -tr 100 100 -tap -ot Float32 pts.gpkg pop100.tif
```

`-add` இல்லாவிட்டால் ஒரு கட்டத்தில் விழும் கடைசி வீடு மட்டும் நிற்கும், மற்றவை அழிந்துபோகும். 100 மீட்டருக்கு மையப்புள்ளி போதும். 10 மீட்டர் கட்டம் வேண்டுமென்றால் பாலிகனைப் பரப்பு விகிதத்தில் கட்டங்களுக்குப் பிரிக்க வேண்டும். எல்லா அடுக்குகளும் மீட்டரில் அளக்கும் ஒரே ஆயமுறையில் இருக்கட்டும். உங்கள் மாவட்டத்தில் ஒரு சிறு சங்கடம்: யூடிஎம் ஆயமுறையின் 43, 44 மண்டலங்களுக்கு எல்லையான 78 பாகை தீர்க்கரேகை மாவட்டத்துக்குள்ளேயே ஓடுகிறது, திருச்செங்கோடு அதற்கு மேற்கே, நாமக்கல் கிழக்கே. இரண்டு மண்டலங்களாகப் பிரிக்காமல் 44-ஆம் மண்டலத்தின் `EPSG:32644` ஒன்றையே முழு மாவட்டத்துக்கும் வையுங்கள். இந்தத் தூரத்துக்கு வரும் சிதைவு உங்கள் வேலைக்குப் பொருட்டல்ல. முடித்த ராஸ்டரைப் பின்னால் வேறு ஆயமுறைக்கு மாற்ற நேர்ந்தால் `gdalwarp`-க்கு `-r sum` கொடுங்கள். இயல்பாக விட்டால் அது ஆட்களைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும்.

நீங்கள் செய்த கூட்டுத்தொகைச் சோதனை இந்த இடத்தில்தான் உதவும். ஆள் இருந்தும் ஒரு பாலிகன்கூட இல்லாத கிராமம் மேலே உள்ள கணக்கில் சத்தமில்லாமல் மறைந்துவிடும். மாவட்டத் தொகை குறைந்திருந்தால் அப்படிப்பட்ட கிராமங்களைத் தேடுங்கள். கொல்லிமலைப் பக்கம் மரநிழலில் மறைந்த வீடுகளால் இது நேரலாம். அங்கே வீடுகளைப் படம் பார்த்துக் கையால் புள்ளி வைப்பதே நல்லது.

அடுத்து, ஒவ்வொரு கிராமத்துக்கும் மக்கள்தொகையை வீட்டு எண்ணிக்கையால் வகுத்து ஒரு வண்ண வரைபடம் போடுங்கள். என் அனுபவத்தில் மற்ற எல்லாச் சோதனைகளையும்விட அதிகப் பிழைகளைப் பிடித்துக் கொடுத்தது இதுதான். பெரும்பாலான கிராமங்கள் மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே நிற்கும். ஒரு கிராமம் 9 என்றும் அதை ஒட்டிய கிராமம் 1.5 என்றும் காட்டினால் எல்லைக்கோடு நகர்ந்திருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். பழைய வரைபடத்திலிருந்து எடுத்த எல்லைகள் நூறு மீட்டர் தள்ளி நிற்பது அரிதல்ல, ஒரு நத்தம் முழுவதும் அடுத்த கிராமத்துக்குள் விழ அது போதும். தனியாக ஒரு கிராமம் மட்டும் 9 காட்டினால் வீடுகள் ஒட்டியோ விடுபட்டோ இருக்கின்றன. தனியாக 1.5 என்றால் தறிக்கூடமோ பண்ணையோ வீடாக எண்ணப்பட்டிருக்கலாம், அல்லது புது மனைப்பிரிவில் ஆளில்லா வீடுகள் எழும்பியிருக்கலாம்.

இன்னொரு சோதனை, ஒரு படி மேலே ஏறிப் பார்ப்பது. கிராமத் தொகை தெரியாததுபோல் வைத்துக்கொண்டு ஒன்றியத்தின் மொத்தத் தொகையை அதே எடைகளால் கட்டடங்களுக்குப் பிரியுங்கள். பிறகு கிராம வாரியாகக் கூட்டி உண்மையான கிராமத் தொகையோடு ஒப்பிடுங்கள். பரப்பு எடை, சம எடை, என் வழக்கம் மூன்றையும் இப்படி ஓட்டினால் எது குறைவாகத் தவறுகிறது என்று உங்கள் மாவட்டத்துக்கே விடை கிடைக்கும். ஆனால் இது கிராமத்துக்கும் கிராமத்துக்கும் இடையே எடை எப்படி நடக்கிறது என்பதைத்தான் சோதிக்கும். கிராமத்துக்குள்ளே, தெருவுக்கும் காலனிக்கும் நடுவே, சரியாகப் பிரிந்ததா என்பதை அறிய வார்டு வாரியான எண்ணிக்கையோ நேரில் எடுத்த கணக்கோ வேண்டும். நான் சம எடையை விரும்புவது நான் பார்த்த ஊர்களை வைத்துத்தான். எல்லா ஊருக்கும் அது பொருந்தும் என்று உறுதி சொல்லமாட்டேன்.

காலம் பற்றிய சிக்கலை எந்த எடையாலும் தீர்க்க முடியாது. ஆட்கள் 2011-இல் எண்ணப்பட்டவர்கள், கூரைகள் அதற்குப் பல வருடங்கள் கழித்து எடுத்த படங்களில் கண்டவை. இடையில் குடிசை இருந்த இடத்தில் காங்கிரீட் வீடு வந்திருக்கும், ஆட்கள் அதேதான். சாலையோரத்தில் புதுவீடுகள் வந்திருக்கும், 2011-இன் ஆட்களில் ஒரு பங்கை அவை இழுத்துக்கொள்ளும். கட்டடம் கூடியிருக்கிறதே என்று அதே விகிதத்தில் மக்கள்தொகையை உயர்த்தி 2024-க்கு என்று எழுதிவிடாதீர்கள். குடும்பங்கள் சிறியதாகிக்கொண்டும் பூட்டிய வீடுகள் கூடிக்கொண்டும் இருக்கும்போது கட்டட வளர்ச்சி ஆள் வளர்ச்சியைக் காட்டாது. உங்கள் கோப்பின் பெயரிலேயே 2011 என்று இருக்கட்டும், கட்டடப் பதிப்பின் பெயரும் குறிப்பில் இருக்கட்டும்.

தனி ஒரு கட்டத்தின் எண்ணை எடுத்து இங்கே 14.6 பேர் என்று யாராவது அறிக்கை எழுதினால் தடுத்துவிடுங்கள். தசமத்தை முழு எண்ணாக்கவும் வேண்டாம். தோட்டப் பகுதியில் கட்டத்துக்கு ஒரு வீடுதான் விழும், 3.66 எல்லாம் 4 ஆகி கிராமத் தொகை வீங்கும். ஒரு பேருந்து நிறுத்தத்தைச் சுற்றி 500 மீட்டரில் எத்தனை பேர், ஒரு ஓடை பெருகினால் கரையோரம் எத்தனை பேர் என்று பல கட்டங்களைக் கூட்டிக் கேட்கும் கேள்விகளுக்கு இந்த ராஸ்டர் நன்றாக உழைக்கும். அப்படிக் கூட்டிய எண்ணைக் கொடுக்கும்போது பரப்பு எடையில் வந்ததையும் சம எடையில் வந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கொடுங்கள். இரண்டும் நெருங்கி வரும் இடங்களில் தயங்காமல் பயன்படுத்தலாம். மூன்று மடங்கு விலகும் இடங்களுக்கு யாராவது ஒருவர் நேரில் போய் வீடுகளை எண்ணிவிட்டு வரவேண்டும்.